‘டோன்’ என்று எழுதிய குமிழ்

எங்கள் கல்லூரி, மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், சுற்றிலும் வயலும் கருவேலமுமாக இருந்த ஒரு பொட்டலில் கட்டப்பட்டிருந்தது. கல்லூரிப் பஸ்ஸை விட்டால் ஊருக்குத் திரும்ப வேறு வழியில்லை. அந்த பஸ்ஸோ, ஏதாவது விழா நடக்கிற நாளில், தாளாளர் பேசி முடிக்காமல் கிளம்பாது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு விஷயமும் தெரிந்தால்தான் நாங்கள் செய்தது ஏன் என்று புரியும்.

தாளாளர் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் மைக்கைப் பார்த்தால் அவருக்குப் பிரிய மனம் வராது. “இன்னொன்னு மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன்” என்பார். அது முடிவுக்கான அறிகுறி இல்லை, பாதி வழியில் இருக்கிறோம் என்பதற்கான அறிகுறி. ஒரு விழாவில் கருவுற்றிருந்த எங்கள் கணித ஆசிரியை அரங்கத்தைவிட்டு எழுந்து போனார். அவர் மகப்பேறு விடுப்பு முடிந்து வரும்போதும் தாளாளர் பேசிக்கொண்டுதான் இருப்பார் என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

சொன்னவள் என் பக்கத்து இருக்கைக்காரி. திருவாதவூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவள் ஊர் கல்லூரிக்கு அருகிலேயே இருந்தும், அந்த வழித்தட பஸ்ஸும் தாளாளருக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். எனக்கு வீடு நகரத்துக்குள். ஆரப்பாளையத்தில் இறங்கி நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். பயம் வந்தால் எனக்குத் தமிழ் போய் அதுதான் வாயில் வரும். அவள் அதிலிருந்து நான்கைந்து வசவுச் சொற்களை மட்டும் பொறுக்கிக் கற்றுக்கொண்டு, சரியான உச்சரிப்போடு ஆசிரியர்களின் முதுகுக்குப் பின்னால் பயன்படுத்திவந்தாள்.

அந்த வருடம் துறை விழாவுக்கு முன்பு பல மைக்குகளின் ஒலியைச் சேர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற, கல்லூரியின் பழைய மைக் மிக்ஸர் புகைந்துபோனது. ஆய்வகப் பொறுப்பில் இருந்த மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மெல்லிய குரல், எப்போதும் கையில் மடக்கிய குடை. “மினி புராஜெக்ட்டுக்கு ஏதோ போக்குவரத்து விளக்கு செய்யிறதா எழுதிக் குடுத்திருக்கீங்க. அது எல்லாரும் செய்யிறது. ஒரு மிக்ஸர் செய்யுங்க. விழாவுக்கும் ஆகும்” என்றார்.

சரி என்றோம். டவுன் ஹால் ரோட்டுச் சந்துக் கடையில் ஐசி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்தோம். கடைக்காரர் எங்களிடம், “அண்ணனுக்கா வாங்குறீங்க?” என்று கேட்டார். திருவாதவூர்க்காரி, “ஆமாண்ணே, எங்களுக்கு நாங்களேதான் அண்ணன்” என்றாள். அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மின்சுற்று பெரிய கம்பசூத்திரம் இல்லை. மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் அளவு. அதை ஆப் ஆம்ப் என்கிற பெருக்கி ஐசி ஒன்று நூறு மடங்குக்கும் சற்று அதிகமாக உயர்த்தும். அடுத்த ஆப் ஆம்ப் இன்வெர்ட்டிங் வகை. நுழைவில் பத்து கிலோ ஓம், வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் நூறு கிலோ ஓம். அதனால் பத்து மடங்கு, தலைகீழாக. இப்படி நான்கு மைக்குகளுக்கும் தனித்தனி வழி. நான்கும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாகக் கடைசி ஆப் ஆம்ப்பின் மைனஸ் முனையில் வந்து கூடும். அந்த இடம்தான் விர்ச்சுவல் எர்த்.

அதை வகுப்பில் மேடம் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிளஸ் முனையை எர்த்தோடு கட்டியாயிற்று. ஆப் ஆம்ப்புக்குச் சொந்தப் பெருக்கம் லட்சக்கணக்கில். ஆகவே மைனஸ் முனை எர்த்திலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் வெளியீடு பாய்ந்து போய், திரும்பி வரும் ரெசிஸ்டர் வழியாக அதை இழுத்து மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். முனைக்குள்ளே மின்னோட்டம் போகாது. நுழைவில் வந்தது முழுவதும் திரும்பும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருகும் என்பது, அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதம். “மீட்டரை வெச்சா பூஜ்யம் காட்டும். ஆனா அது எர்த் இல்ல. ஆப் ஆம்ப் மெனக்கெட்டு அப்படி வெச்சிருக்கு” என்றார். நான்கு மைக்கும் அங்கே வந்து கூடினாலும் ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்யாததற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் மறுமுனையில் தெரிவது பூஜ்யம் மட்டுமே.

பலகையில் சால்டர் ஈயத்தை உருக்கி வைத்துக்கொண்டிருந்தபோது திருவாதவூர்க்காரி திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஏய், இன்வெர்ட்டிங்ல தலைகீழா வருதுல்ல?”

“ஆமா.”

“அதே மைக்க நான்-இன்வெர்ட்டிங் வழியாவும் எடுத்து, நேரா வர்றதையும் தலைகீழா வர்றதையும் ஒண்ணாக் கூட்டினா?”

“ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு போயிரும்.”

“தாளாளர் குரலும் கழிஞ்சு போயிரும்ல?”

இரும்பில் இருந்த சால்டர் உருகி மேசையில் சொட்டியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் விவாதம் எதுவும் நடக்கவில்லை.

மேடை மைக்கின் முதல் கட்டத்திலிருந்து ஒரு கம்பி பிரித்து, கூடுதலாக ஒரு ஆப் ஆம்ப்பின் பிளஸ் முனைக்குக் கொடுத்தோம். அதே பத்து கிலோ, அதே நூறு கிலோ. அதன் வெளியீட்டை ஒரு வால்யூம் கண்ட்ரோல் வழியாக, கூடுகிற இடத்துக்குக் கொண்டுபோனோம். குமிழைத் திருப்பாமல் விட்டால் மிக்ஸர் ஒழுங்காக வேலை செய்யும். முழுக்கத் திருப்பினால் தாளாளர் காணாமல்போவார். குமிழுக்கு மேலே ஏதாவது எழுதவேண்டுமே என்று, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், நான் ‘டோன்’ என்று எழுதினேன், ஒலியின் கனத்தை மாற்றுகிற குமிழ் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

மைக்குக்குப் பதில் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒரு சைன் அலை கொடுத்து, அலையைத் திரையில் காட்டுகிற ஆசிலாஸ்கோப்பில் பார்த்தோம். இரண்டாம் கட்டத்துக்கு நூறு மில்லிவோல்ட் போகிறது. வெளியே ஒரு வோல்ட் வருகிறது. குமிழை முழுக்கத் திருப்பினேன். அலை சிறுத்தது, சிறுத்தது, ஆனால் சாகவில்லை. பத்தில் ஒரு பங்காக நின்று நெளிந்துகொண்டிருந்தது.

“சனியன் போக மாட்டேங்குது” என்றாள் அவள்.

ரெசிஸ்டர்களை மாற்றினோம். ஐசியை மாற்றினோம். கம்பிகளை ஆட்டிப் பார்த்தோம். நெளிவு அப்படியே இருந்தது. கடைசியில் இரண்டு வழிகளையும் தனித்தனியாக அளந்து பார்த்தபோதுதான் விளங்கியது. இன்வெர்ட்டிங் வழியில் ஒரு வோல்ட். நான்-இன்வெர்ட்டிங் வழியில் ஒன்று புள்ளி ஒன்று வோல்ட். ஒரே ஜோடி ரெசிஸ்டர்தான். ஆனால் அங்கே கெயின் விகிதம் மட்டும் இல்லை, விகிதத்தோடு ஒன்று. பத்து இல்லை, பதினொன்று. பரீட்சையில் இருவருமே சரியாக எழுதி மதிப்பெண் வாங்கிய சமன்பாடு அது. ஒன்று கூட்டவேண்டும் என்பதை எழுதியவர்கள், அந்த ஒன்று கண்முன்னால் நெளிந்தபோது அடையாளம் தெரியாமல் திண்டாடியிருக்கிறோம்.

“பத்து வேணும்னா விகிதம் ஒம்பது. தொண்ணூறு கிலோ வேணும்” என்றேன்.

“தொண்ணூறு கிலோவுல ரெசிஸ்டர் கடையில கெடைக்காது. எங்க சித்தப்பாதான் அம்புட்டு எடை.”

எண்பத்திரண்டு கிலோவோடு திருகினால் மதிப்பு மாறுகிற ப்ரீசெட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, ஆசிலாஸ்கோப்பைப் பார்த்தபடி திருகினோம். அலை படுத்து நேர்கோடானது. அவள் அந்தக் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள்.

விழா நாள் வந்தது. அரங்கத்தின் பின்பக்கம் ஒரு மேசையில் மிக்ஸர். பின்மூடி இன்னும் திருகப்படாமல் திறந்திருந்தது. பக்கத்தில் நாங்கள் இருவரும், பொறுப்பான முகத்தோடு. இரண்டு வரிசை தள்ளி எங்கள் வகுப்பின் முதல் ரேங்க் மாணவன் உட்கார்ந்திருந்தான். எங்கே போனாலும் மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போகிறவன். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அவனுக்கு மீட்டரின் சிவப்பு முனை இருக்கும்.

வரவேற்புரை, ஆண்டறிக்கை எல்லாம் மிக்ஸரில் கணீரென்று கேட்டன. முதல்வர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தாளாளர் எழுந்தார். தன் இளமைக் காலத்தில் தொடங்கினார். நேரம் போயிற்று. வெளியே பஸ் ஓட்டுநர்கள் வேப்பமர நிழலில் இருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்கள்.

“இன்னொன்னு மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன்” என்றார் தாளாளர்.

திருவாதவூர்க்காரியின் கை குமிழுக்குப் போனது. அவசரப்படவில்லை. ரேடியோவில் பாட்டு முடிவதுபோல் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒலிபெருக்கிகள் வாயை மூடிக்கொண்டன. தாளாளர் மைக்கைத் தட்டினார். தட்டிய சத்தமும் எங்களிடம் வந்து கழிந்துபோனது. ஊதினார். அதுவும் போயிற்று. இப்போது “சரி, மைக் கோளாறு, முடித்துக்கொள்ளலாம்” என்று அவர் சொல்லவேண்டும். எங்கள் திட்டத்தின் கடைசி வரி அதுதான்.

அவர் சிரித்தார். “மைக் போனா என்னப்பா? மைக்கே இல்லாம ஊர் ஊராப் பேசுனவன் நான்!” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார்.

இறங்கியவர் வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, சொன்னதையே அந்த வரிசைக்காகத் திரும்பச் சொன்னார். மைக் இருந்தவரை கண்ணைத் திறந்துகொண்டு தூங்கலாம். இப்போது கண்ணுக்கு நேரே நிற்கிறார், தூங்கவும் முடியாது. ஒரு முழு அரங்கமும் பதறிப்போய் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஏய், திருப்பி வையிடி! திரும்பி மேடைக்குப் போகட்டும்” என்று அவள் காதில் சொன்னேன். பாதி தமிழ், பாதி சௌராஷ்ட்ரம்.

அவள் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று ஒரு அடி விழுந்தது. அவ்வளவுதான். மேடையில் முதல்வர் வந்து மைக்கைத் தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. அவள் குமிழை அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள், கடைசியில் பழைய இடத்திலேயே விட்டாள். மௌனம். இதுவரை நாங்கள் கோளாறு மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம். இப்போது நிஜமாகவே கோளாறு.

நான் சப்ளையைப் பார்த்தேன். பிளஸ் பன்னிரண்டு வோல்ட்டும் மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டும் சரியாக இருந்தன. மைக் கம்பி சரி. என் வாயில் தமிழ் முழுக்கப் போய்விட்டது. அப்போது, மைக் போனதுமே கோளாறு தேடிப் புகுந்திருந்த ஒரு தலை மேசைக்கு அடியிலிருந்து வந்தது. முதல் ரேங்க்.

“கண்டுபிடிச்சிட்டேன்” என்றான், முகமெல்லாம் வெற்றி. “ஒரு எர்த் பாயிண்ட்ட எர்த்தோட கட்டாம விட்டிருக்கீங்க. மீட்டர் பூஜ்யம் காட்டுது, ஆனா எர்த்துக்குக் கம்பியே இல்ல. லூஸ் கனெக்‌ஷன். முதலைக் கிளிப் போட்டுக் கட்டிட்டேன். இப்ப சரியா இருக்கும், பாருங்க.”

நாங்கள் இரண்டு பேரும் பார்த்த பார்வையில் அவன் மறுபடி மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று யோசித்திருப்பான். கூடுகிற இடத்தை, அந்த விர்ச்சுவல் எர்த்தை, அவன் நிஜ எர்த்தோடு கட்டியிருக்கிறான். நான்கு மைக்கிலிருந்தும் வருகிற மின்னோட்டம் இனி திரும்பும் ரெசிஸ்டர் பக்கமே போகாது, கிளிப் வழியாக நேராகத் தரைக்குப் போய்விடும். ஆப் ஆம்ப்புக்குச் செய்ய வேலையும் இல்லை, செய்தாலும் அந்த முனையை அசைக்கவும் முடியாது. கட்டவிழ்ந்த வெளியீடு சப்ளை வோல்டேஜின் ஒரு எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டல்தான் ‘டப்’.

கிளிப்பை எடுக்க நான் குனிவதற்குள் ஒரு குடையின் நுனி என் கையை மெதுவாக ஒதுக்கியது. மேடம். எப்போது வந்தாரோ தெரியாது. திறந்திருந்த பின்பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு இரண்டு விரலால் கிளிப்பைப் பிடித்து இழுத்தார்.

மேடையில் முதல்வர், செத்துப்போன மைக் என்ற தைரியத்தில், அதன் மேலேயே சாய்ந்துகொண்டு துணை முதல்வரிடம் பேசிக்கொண்டிருந்தார். அரங்கத்தின் எல்லா மூலையிலிருந்தும் அவர் குரல் முழங்கியது.

“…மனுசன் எப்பத்தான்யா முடிப்பாரு? மத்தியானத்துல இருந்து ஒரு டீ கூடக் குடிக்கல, வயிறு கபகபன்னு எரியுது!”

மிக்ஸர் அருமையாக வேலை செய்தது. இரைச்சல் இல்லை, உருமல் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

முதல்வர் மைக்கைவிட்டு ஒரு அடி பின்னால் போய், யார் பேசியது என்று தேடுகிறவர்போல மேற்கூரையைப் பார்த்தார். நடு வரிசையில் நின்ற தாளாளர் மெல்லத் திரும்பினார். அவர் முகத்தில் முதலில் வந்தது திகைப்பு, அடுத்து வந்தது சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சொல்லக்கூடாதாய்யா? நானும் இன்னும் டீ குடிக்கல. பேசிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குப் பசி தெரியாது” என்றார். “எல்லாரும் கிளம்புங்க. பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க.”

அன்று அரங்கத்தில் எழுந்த கைதட்டல் எந்த உரைக்கும் எழுந்ததில்லை. அவர் அதைத் தன் பேச்சுக்கு என்றே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மேடம் மிக்ஸரைத் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். அதற்கப்புறம் வாய்மொழித் தேர்வு வரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாட்களில் திருவாதவூர்க்காரி கொண்டுவந்த தயிர்சாதத்தைக்கூட நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

தேர்வு அன்று முதலில் முதல் ரேங்க்கைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

“விர்ச்சுவல் எர்த்துன்னா என்ன?”

அவன் புத்தகத்தில் உள்ளபடி கமா, முற்றுப்புள்ளி விடாமல் ஒப்பித்தான்.

“நல்லது. அப்புறம் ஏன் அதுக்குக் கிளிப் மாட்டுனீங்க?”

“பூஜ்யம் காட்டுச்சு மேடம்” என்றான். பாவமாக இருந்தது.

அடுத்து நாங்கள். மிக்ஸர் மேசைமேல் இருந்தது. மேடம் குடையின் பிடியால் அந்தக் குமிழைத் தொட்டார்.

“இது டோன் கண்ட்ரோலா?”

“ஆமா மேடம்” என்றாள் அவள்.

“டோன் கண்ட்ரோல்னா கெப்பாசிட்டர் இருக்கணுமே. எங்க?”

மேசையின் மரக்கோடுகளை நான் உற்றுப் பார்த்தேன்.

“எண்பத்திரண்டு கிலோவுக்குப் பக்கத்துல ஒரு ப்ரீசெட். எதுக்கு?” என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் கணக்கு வந்துவிட்டது. “நான்-இன்வெர்ட்டிங்ல விகிதத்தோட ஒண்ணு கூடும் மேடம். பத்து வரணும்னா தொண்ணூறு கிலோ வேணும். மொதல்ல நூறு கிலோதான் போட்டோம், பத்துல ஒரு பங்கு மிச்சம் நின்னுருச்சு.”

“ம். நெறயப் பேரு அந்த ஒண்ண மறந்துருவாங்க.” ஏதோ குறித்துக்கொண்டார். “சரி, குமிழை முழுக்கத் திருப்புனா மேடையில பேசுறவர் குரல் எம்புட்டு மிச்சமிருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது மேடம்.”

“தப்பு” என்றார். “ஸ்பீக்கர்லதான் ஒண்ணும் இருக்காது. அவர் தொண்டைக்கு யாரு சர்க்யூட் போட்டது?”

சொல்லிவிட்டு அவரால் அடக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு நின்றோம். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சால்டர் இரும்பை எங்கள் பக்கம் தள்ளினார். “இப்பவே, என் முன்னால, அந்த வழியக் கழட்டுங்க. சுத்தமா.”

கழற்றினோம். மதிப்பெண் குறையவில்லை, கூடவும் இல்லை. வெளியே வந்தபோது படிக்கட்டில் முதல் ரேங்க் உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல” என்றான். “பூஜ்யமா இருக்குறத பூஜ்யத்தோட கட்டுனா என்ன தப்பு?”

திருவாதவூர்க்காரி அவனுக்குப் பக்கத்தில் புத்தகத்தைப் போட்டு உட்கார்ந்தாள். “மாப்ள, உனக்கு இன்னைக்கு பஸ் போயிரும். பரவாயில்லல்ல?” என்று கேட்டுவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்த மீட்டர் முனையை எடுத்து, தூசி படிந்த படியில் ஆப் ஆம்ப்பைக் குறிக்கும் முக்கோணத்தை வரையத் தொடங்கினாள்.